ஒருவேளையா, ஒரு வேளையா: மொழிபெயர்ப்புத் தளத்தில் மாட்டிய கதை

மருந்துக்கடை, வேலூர்
மருத்துவமனைக்கு எதிரே கடை. வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஃபோனில் தமிழில் அடித்து, வங்காளியில் மாற்றிக் காட்டுவேன். போன மாதம் ஒரு அம்மாவுக்கு "இந்த மாத்திரை ஒருவேளை போட்டால் போதும்" என்று அடித்தேன். படித்தவர் மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட வந்த மகன் இந்தியில் கேட்டான்: "ஷாயத்? போதுமா போதாதா, உங்களுக்கே தெரியாதா?" 'ஷாயத்' என்றால் இந்தியில் 'இருந்தாலும் இருக்கலாம்'. கடையில் நாலு பேர் வேறு. இத்தனைக்கும், திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் காட்டினேன். 'ஒருவேளை' என்றே வந்தது!

ஆற்காட்டான்
தப்பு உங்களுடையது. இடம் விட்டு 'ஒரு வேளை' என்று அடித்திருந்தால் எல்லாத் தளமும் சரியாகச் சொல்லும். பேசாமல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். அதில் இல்லாத தமிழே கிடையாது.

ராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
இடம் விடுவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது தம்பி. நம் ஆட்கள் இரண்டு பொருளையும் இரண்டு மாதிரியும் எழுதுகிறார்கள். திருப்பி மாற்றும் சோதனை இங்கே ஏன் ஏமாற்றியது? தளம் 'ஷாயத்' என்ற பொருளில் எடுத்துக்கொண்டது. அதற்கும் தமிழ் 'ஒருவேளை'தானே. தப்பாகப் போனது, போன வழியே திரும்பிவிட்டது.

லெக்சிகன் தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வந்தவை. அதற்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த சொல்லை அதில் தேடிப் பயனில்லை. 'போட்டால்' என்று அப்படியே அடித்தால் தலைச்சொல்லாகக் கிடைக்காது, 'போடு' என்று வேர் பிடித்துத் தேட வேண்டும். இன்றைய வழக்குக்கு நான் புரட்டுவது 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. எதைப் பார்த்தாலும், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் கண்ணில் பட்டால் அந்தச் சொல்லையே விட்டுவிடுவேன். 'ஒரு நாளைக்கு ஒரு தடவை' என்று அடித்தால் தளம் தடுமாற இடமில்லை.

குடியாத்தம்
எங்கள் வீட்டுக் கதை வேறு. போக்கியத்துக்கு விட்ட வீட்டின் ஒப்பந்தத்தை வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். தம்பி ஏதோ அகராதித் தளத்தில் தேடி, முதலில் இருந்த பொருளையே எடுத்துப் போட்டுவிட்டான். 'அனுபவிக்கத் தக்கது' என்று! மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகை இல்லாமல் இருக்கிற விஷயம் மச்சானுக்குப் போய்ச் சேரவே இல்லை. "வீடு அவ்வளவு அழகா?" என்று கேட்டார்.

மருந்துக்கடை, வேலூர்
ஐயா சொன்னபடி 'ஒரு தடவை' என்று மாற்றிவிட்டேன். ஆனால் திரையில் வரும் வங்காளி எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, அதை எப்படிச் சரிபார்ப்பது? அந்த மகனே மாத்திரை டப்பா அட்டையைக் கிழித்து, 'காலையில் ஒன்று', 'ராத்திரி ஒன்று' என்று வங்காளியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.