மூன்று பொருள், ஒரே கடை: பிரேக் ஈவன் அசைன்மெண்டில் நீங்கள் பார்த்த விடைகளைப் பகிருங்கள்

கடைசிபெஞ்ச்

மேலாண்மைக் கணக்கியல் தாளில் எங்களுக்கு வந்த கேஸ் இது. ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை. நோட்டு விலை 50, அதன் மாறும் செலவு 35. பேனா விலை 10, செலவு 6. பை விலை 400, செலவு 300. மாத நிலையான செலவு 33,000. ஒரு பை விற்கும் நேரத்தில் 10 நோட்டும் 20 பேனாவும் போகும் என்று கேள்வியிலேயே கொடுத்துவிட்டார்கள்.

லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்க, அதாவது பிரேக் ஈவனுக்கு, மாதம் எவ்வளவு விற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. எங்கள் குழுவில் நாலு பேர், நாலு விடை. மொத்தம் 832 பொருள் விற்றால் போதும் என்கிறான் ஒருவன். விற்பனை 90,933 வந்தால் போதும் என்கிறாள் ஒருத்தி. இன்னொருவனுக்கு 1,04,211. எனக்கு 1,10,000. இதில் வேடிக்கை என்னவென்றால், நாலு பேரும் போட்டது ஒரே சூத்திரம்தான்: நிலையான செலவைப் பங்களிப்பால், அதாவது விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவதால், வகுப்பது. இந்த மாதிரி கேஸ் எழுதியவர்கள், திருத்தியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சிவப்புமை

இந்த வகைக் கணக்கைப் பல வருடமாகத் திருத்துகிறேன். 832 எனக்குப் பழைய நண்பர். பங்களிப்பு நோட்டுக்கு 15, பேனாவுக்கு 4, பைக்கு 100. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 39.67. அதால் 33,000ஐ வகுத்தால் 832 வந்துவிடும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் சராசரி எடுத்த உடனேயே, கடையில் மூன்றும் சம எண்ணிக்கையில் விற்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். அதாவது மாதத்துக்கு 277 பை. கேள்வியில் இருப்பதோ 31 பொருளுக்கு ஒரு பை.

நான் விடைத்தாளில் இரண்டு சூத்திரத்தை ஒப்பிட்டுக்கொண்டு நிற்பதில்லை. விடையை அப்படியே கடைக்குள் திருப்பி அனுப்பிவிடுவேன். கேள்வியில் உள்ள விகிதப்படி 10 நோட்டு, 20 பேனா, 1 பை சேர்ந்தது ஒரு கட்டு என்று வையுங்கள். கட்டின் பங்களிப்பு 150 + 80 + 100 = 330. அதில் 31 பொருள் இருப்பதால், ஒரு பொருளுக்குச் சராசரியாகக் கிடைப்பது 10.65 அளவுதான். 832 பொருள் விற்றால் சுமார் 8,860 வரும். நிலையான செலவில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

கட்டு வழியில் போனால் கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும். 33,000 ÷ 330 = 100 கட்டு. அதாவது 1,000 நோட்டு, 2,000 பேனா, 100 பை. ஒரு கட்டின் விற்பனை மதிப்பு 500 + 200 + 400 = 1,100. ஆக 1,10,000. கடைசிபெஞ்ச் சொன்னது சரி.

சதவீதன்

சார், 832 தப்பு என்பது புரிகிறது. ஆனால் 90,933 சொன்னவரை அவ்வளவு லேசாக ஒதுக்க முடியாது என்று நினைக்கிறேன். அவர் பங்களிப்பு விகிதங்களை எடுத்திருக்கிறார்: நோட்டு 30%, பேனா 40%, பை 25%. வெறும் சராசரி எடுக்காமல் 10, 20, 1 என்று எடையும் கொடுத்திருக்கிறார். 300 + 800 + 25, அதை 31ஆல் வகுத்தால் 36.29%. எடையிட்ட சராசரி எடுங்கள் என்றுதானே வகுப்பில் சொல்கிறார்கள்? நான் போன செமஸ்டரில் இப்படித்தான் எழுதினேன், முழு மதிப்பெண் வந்தது.

சிவப்புமை

எடை கொடுக்க வேண்டும் என்ற வரை நீங்கள் சொல்வது சரி. எந்த எடை என்பதில்தான் வழுக்குகிறது. 36.29% என்பது விற்பனைப் பணத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்லும் எண். ஆகவே எடையும் பணத்தில் இருக்க வேண்டும். 20 பேனா விற்றால் எண்ணிக்கையில் அது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு, ஆனால் கல்லாவுக்கு வருவது 1,100இல் வெறும் 200. எண்ணிக்கையை எடையாக வைத்ததால் பேனாவின் 40% தன் தகுதிக்கு மேல் பேசிவிட்டது.

விற்பனைப் பங்கை எடையாக வைத்துப் பாருங்கள்: 1,100இல் 500, 200, 400. விகிதம் சரியாக 30% வரும். 33,000ஐ அதால் வகுத்தால் மறுபடியும் 1,10,000. கட்டு வழியிலும் விகித வழியிலும் ஒரே விடை வர வேண்டும். வராவிட்டால் எடையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 90,933க்கு விற்றால் அசல் கலவையில் பங்களிப்பு 27,280, நட்டம் 5,720.

1,04,211 விடைக்காரர் 30, 40, 25ஐ மூன்றால் வகுத்திருக்கிறார். அவருடைய விடை சரியானதற்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது தற்செயல்தான்.

உங்கள் போன செமஸ்டர் கேள்வியைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. பொருள்களின் விலை எல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டு எடையும் ஒரே விடையைத் தரும்.

சதவீதன்

அதில் விலைகள் ஒன்றுதானா என்று நினைவில்லை. தேடிப் பார்க்கிறேன்.

கல்லாப்பெட்டி

நான் படிக்கிறவன் இல்லை, சொந்தமாகக் கடை வைத்திருப்பவன். தம்பிகள் பேசுவதைப் பார்த்து ஒரு சந்தேகம். கடை ஆரம்பிக்க அலமாரி, முன்பணம், முதல் சரக்கு என்று ஒரு தொகை போட்டேன். அது எல்லாம் திரும்பி வந்த மாதத்தைத்தான் நான் பிரேக் ஈவன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் முதலையே கணக்கில் எடுக்கவில்லையே? கடன் தவணையாவது 33,000இல் இருக்கிறதா?

பேரேட்டுக்காரி

அண்ணா, போட்ட முதல் எப்போது திரும்பி வரும் என்பது வேறு கணக்கு. இவர்கள் கேட்பது ஒரு மாதத்தில் எவ்வளவு விற்றால் அந்த மாதம் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்பது. அதனால் தவணையில் வட்டி மட்டும் நிலையான செலவில் வரும், அசல் வராது. அலமாரிக்குத் தேய்மானம் வரும். ஆனால் நீங்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது: 1,10,000 விற்ற மாதத்தில் லாபக் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும், அசல் தவணை கட்டக் கையில் பணம் இல்லாமலும் போகலாம். என்னுடைய அசைன்மெண்டில் வாடகை, சம்பளம், வட்டி, தேய்மானம் என்று பிரித்து எழுதச் சொன்னார்கள். அங்கே அசலையும் சேர்த்துக் கூட்டிய தாள்கள்தான் அதிகம்.

கல்லாப்பெட்டி

சரி, புரிந்தது. ஆனால் பத்துக்கு இருபதுக்கு ஒன்று என்று எந்தக் கடையிலும் மாதா மாதம் அப்படியே விற்காது. ஒரு மாதம் பை மட்டும் பறக்கும், அடுத்த மாதம் தூசி தட்ட வேண்டியிருக்கும்.

கடைசிபெஞ்ச்

அதுதான் கேள்வியின் இரண்டாம் பாகமே. பை விற்பனை கூடி, விகிதம் 10 நோட்டு, 20 பேனா, 3 பை என்று மாறினால் பிரேக் ஈவன் என்ன ஆகும், கடைக்கு நல்லதா கெட்டதா என்று கேட்கிறார்கள். எனக்கு வந்த விடை குழப்புகிறது. கட்டின் பங்களிப்பு 530, விற்பனை 1,900, விகிதம் சுமார் 27.9%. பிரேக் ஈவன் 1,18,302க்கு ஏறிவிட்டது. கெட்டது என்று எழுதட்டுமா?

சிவப்புமை

எழுதாதீர்கள், இந்த இடத்தில்தான் அந்தக் கேள்வியின் பாதி மதிப்பெண் ஒளிந்திருக்கிறது. அதே விடையை எண்ணிக்கையில் எழுதிப் பாருங்கள். 33,000 ÷ 530 = 62.26 கட்டு. கட்டுக்கு 33 பொருள், ஆக ஏறக்குறைய 2,055 பொருள். முன்பு 3,100 விற்க வேண்டியிருந்தது. பணத்தில் பார்த்தால் பிரேக் ஈவன் ஏறியிருக்கிறது, எண்ணிக்கையில் பார்த்தால் இறங்கியிருக்கிறது. இரண்டும் உண்மை. பை ஒவ்வொன்றும் 100 கொண்டுவருகிறது, ஆனால் 400 வாங்கித்தான் அந்த 100ஐத் தருகிறது.

நல்லதா கெட்டதா என்பது, கூடுதல் பை எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. பழைய 100 கட்டும் அப்படியே விற்று, மேலே 200 பை விற்றால் லாபம் 20,000. கெட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மொத்த விற்பனை அதே 1,10,000இல் நின்று, நோட்டு பேனாவின் இடத்தைப் பை பிடித்திருந்தால் பங்களிப்பு 30,684தான், நட்டம் 2,316. விடையில் இந்த இரண்டு நிலையையும் எழுதுகிறவர்களைத்தான் நான் தேடுவேன். 1,18,302 என்று மட்டும் எழுதி "கெட்டது" என்று முடித்தால், கணக்குக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவேன்.

ஒரு சின்ன விஷயம்: 62.26 கட்டை 62 என்று கீழே இறக்காதீர்கள். 62 கட்டுக்கு 140 நட்டம் இருக்கும். தனித்தனியாக மேலே ஏற்றி 623 நோட்டு, 1,246 பேனா, 187 பை என்று எழுதினால் 33,029 வந்து செலவைத் தாண்டும்.

பேரேட்டுக்காரி

எனக்கு இதே கேஸின் இன்னொரு வடிவம் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக பிரேக் ஈவன் கண்டுபிடி, நிலையான செலவை இடப்பரப்பின்படி பங்கிடு என்று. நோட்டுக்கு 30%, பேனாவுக்கு 10%, பைக்கு 60% இடம். அதன்படி 9,900, 3,300, 19,800. 660 நோட்டு, 825 பேனா, 198 பை என்று விடை வந்தது. 100 பைதான் விற்கிறது என்பதால் பை பிரிவில் 9,800 நட்டம், ஆகவே பையை நிறுத்திவிடலாம் என்று என் தோழி எழுதினாள். ஆசிரியர் அதை வட்டம் போட்டுவிட்டு, காரணம் எதுவும் எழுதவில்லை.

சிவப்புமை

வட்டம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. பையை நிறுத்தினால் அந்த 19,800 எங்கேயும் போகாது, வாடகையும் சம்பளமும் அப்படியே நிற்கும். போவது பை தரும் 10,000 மட்டும். நோட்டும் பேனாவும் சேர்ந்து 23,000 தரும், செலவு 33,000. பூஜ்யத்தில் இருந்த கடை 10,000 நட்டத்துக்கு இறங்கும். பைக்கென்றே தனியாக ஆகிற செலவு ஏதாவது இருந்தால் அதை மட்டும் பையின் மேல் வைக்கலாம். பொதுச் செலவைப் பங்கிட்டு வரும் தனி பிரேக் ஈவனை வைத்து எதையும் நிறுத்தக் கூடாது.

கல்லாப்பெட்டி

இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை சார். பையை எடுத்தால் கடையில் பாதிக்கு மேல் இடம் காலி. நான் அங்கே வெறும் சுவரையா வைப்பேன்? நோட்டைப் பரப்பி வைத்து, கூடுதலாக 700 நோட்டு விற்றால் 10,500 வருகிறதே. அப்போது பேரேட்டுக்காரியின் தோழி சொன்னதுதானே சரி?

பேரேட்டுக்காரி

ஆனால் இடம் இருப்பதால் மட்டும் 700 நோட்டு கூடுதலாகப் போகுமா, அண்ணா? பை வாங்க வருகிறவர்தானே நோட்டும் எடுத்துப் போகிறார்.

சிவப்புமை

கல்லாப்பெட்டி சொல்வது நியாயமான கேள்வி. ஆனால் அது இடத்தின் வேறு பயன்பாடு பற்றியது, 19,800 பங்கீடு அதற்கு விடை சொல்லாது. காலியாகும் இடத்தில் எவ்வளவு கூடுதல் பங்களிப்பு வரும், பை இல்லாததால் மற்ற விற்பனை எவ்வளவு குறையும் என்ற இரண்டு எண்ணும் கேஸில் இல்லை. 10,000ஐத் தாண்டினால் எடுக்கலாம், தாண்டாவிட்டால் வேண்டாம் என்ற வரைதான் எழுத முடியும்.

கடைசிபெஞ்ச்

எங்கள் கேஸில் இடப்பரப்பு கொடுக்கவில்லை, தப்பித்தோம். ஆனால் மூன்றாம் பாகத்தில் "கடை உரிமையாளர் தன் உழைப்புக்குச் சம்பளம் எடுக்கவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. 33,000இல் ஒரு தொகையைச் சேர்ப்பதா, அப்படியே விடுவதா? குழுவில் மறுபடியும் இரண்டு கட்சி.

கல்லாப்பெட்டி

சேருங்கள் தம்பி. நான் சேர்க்காமல் இருந்தபோதுதான் கடை லாபத்தில் இருந்தது.