எட்டு மாதமாக அப்பா பேசவில்லை: முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியது யார்?

தெம்பனிஸ் அக்கா: சித்தி மகனுக்காகக் கேட்கிறேன். திருமணப் பதிவகத்தில் பதிவு செய்வதை அவன் வீட்டில் சொல்லவில்லை. கோயிலில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் சித்தப்பாவுக்குத் தெரியும். "நான் செத்தாலும் வராதே" என்று விட்டார், மருமகளையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். எட்டு மாதமாகிறது. அடுத்த மாதம் தீபாவளி. அவர் முதலில் வரட்டும் என்கிறான் இவன், இவன் வரட்டும் என்கிறார் அவர்.

ஈசூன் மாமா: இதில் யோசிக்க என்னம்மா இருக்கு? பெத்தவர்கிட்ட பிள்ளைதான் போகணும். தீபாவளி அன்னைக்குக் காலில விழுந்தா எல்லாம் சரியாயிடும்.

குடும்ப ஆலோசகர்: மாமா சொல்வதில் பாதி சரி. பேச்சைத் தொடங்குவது பிள்ளையாக இருக்கட்டும், அது அவனுக்குச் சுலபம். ஆனால் தொடங்குவது வேறு, எல்லாப் பழியையும் ஏற்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டியதால்தான் இருவரும் அசையாமல் இருக்கிறார்கள்.

எதற்கு மன்னிப்பு என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். பதிவுக்குக் குறைந்தது 21 நாள் முன்பே நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அத்தனை நாளும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே மறைத்திருக்கிறான். அப்பாவைச் சுட்டது அநேகமாக அதுதான். ஆகவே மறைத்ததற்கு மட்டும் கேட்கட்டும், கல்யாணத்துக்குக் கேட்க வேண்டாம். கல்யாணத்துக்கும் சேர்த்துக் கேட்டால் மனைவியைத் தவறு என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும், அடுத்த சண்டை அவன் வீட்டுக்குள்ளேயே தொடங்கும்.

தீபாவளி அன்று வேண்டாம். வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவரால் மன்னிக்கவும் முடியாது, கோபப்படவும் முடியாது. சும்மா தலையாட்டுவார், மறுநாள் பழைய மௌனம். இரண்டு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

காப்பி-ஓ: வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

குடும்ப ஆலோசகர்: அவருக்குத் தனியாக அனுப்பலாம், குடும்பக் குழுவில் கூடவே கூடாது. நான்கு வரி போதும்: "அப்பா, நோட்டீஸ் கொடுத்ததை உங்ககிட்ட மறைச்சேன். வெளியாள் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு. அது என் தப்பு, மன்னிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை காலை ஒன்பது மணிக்கு புளோக் கீழே காப்பிக்கடையில இருப்பேன்."

"ஆனா நீங்களும்" என்று ஒரு சொல் சேர்ந்தாலும் போச்சு, அவர் அதை மட்டும்தான் படிப்பார். "வரலாமா?" என்றும் கேட்காதீர்கள். வராதே என்று சொன்ன வாய் "வா" என்று எழுதுவது கஷ்டம். காப்பிக்கடை என்றால் ஒன்றும் சொல்லாமல் லிஃப்டில் இறங்கி வந்துவிடலாம்.

தேக்கா தேவி: அவருடைய கூட்டாளிகள் உட்காரும் கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள். நாலு பேர் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார். அம்மாவிடம் சொல்லி அனுப்புவதும் வேண்டாம். "வருத்தப்படுறான்" என்று இங்கே, "மனசு இளகிட்டாரு" என்று அங்கே, இரண்டு பக்கமும் சர்க்கரை போட்டுச் சொல்லிவிடுவார்கள். நேரில் பார்க்கும்போது யார் சொன்னதும் உண்மையில்லை என்று தெரியும்.

புது வீட்டுக்காரன்: நானும் பெற்றோருக்குப் பக்கத்தில் மறுவிற்பனை வீடு பார்க்கிறேன். 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் மானியம் உண்டே, சமாதானம் ஆனால்தான் கிடைக்குமா?

தேக்கா தேவி: கேள்வியே வேறு தம்பி. பேசிக்கொள்கிறீர்களா என்று வீவக கேட்காது. ஆனால் விண்ணப்பத்துக்குப் பெற்றோர் விவரம் வேண்டுமே. மன்னிப்புக் கேட்ட அதே வாரம் அதையும் கேட்டால், வந்தது எதற்கு என்று அவர் முடிவு கட்டிவிடுவார். அதைத் தனியாகத் தள்ளி வையுங்கள்.

தெம்பனிஸ் அக்கா: சரி, மருமகளைச் சொன்ன வார்த்தை? சித்தப்பா வாயால் மன்னிப்பு வருமா என்றே தெரியவில்லை. போன வாரம் சித்தி கையில் மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறார்.

ஈசூன் மாமா: அதுதாம்மா மன்னிப்பு! அந்தக் காலத்து ஆளு வேற எப்படிச் சொல்வார்?

தேக்கா தேவி: மகனுக்கு அது போதும் மாமா. திட்டு வாங்கியது அந்தப் பெண். குழம்பு டப்பாவைத் திறந்து அவள் எதைப் புரிந்துகொள்வாள்?

குடும்ப ஆலோசகர்: தேவி பக்கம்தான் நானும். அவளுக்குப் பதிலாக இவன் "பரவாயில்லப்பா" சொல்லக் கூடாது. ஆனால் முதல் சந்திப்பில் அதை எடுத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். முதல் நாள் காப்பியோடு எழுந்துவிடட்டும், இரண்டாம் மூன்றாம் சந்திப்பில் "அவகிட்ட ஒரு வார்த்தை பேசுங்கப்பா" என்று நேராகக் கேட்கட்டும். அடித்தவர், மிரட்டியவர் என்றால் இந்த வழியே வேண்டாம், வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தில் முதலில் பேசுங்கள்.

காப்பி-ஓ: ஞாயிற்றுக்கிழமை அவர் கீழே வரவே இல்லை என்றால்?

ஈசூன் மாமா: அடுத்த ஞாயிறும் போய் உட்காரட்டும். எத்தனை வாரம் மேலேயிருந்து பார்த்துக்கிட்டே இருப்பார்?

குடும்ப ஆலோசகர்: போகலாம், இரண்டாவது செய்தி மட்டும் அனுப்ப வேண்டாம்.

தேக்கா தேவி: எனக்கு உடன்பாடில்லை. வாராவாரம் போனால் கெஞ்சல் ஆகிவிடும். ஒரு தடவை போதும், அடுத்தது அவர் முறை.