மூன்று வருஷம் எந்தத் தேதியிலிருந்து? ஐசி 38 பயிற்சிக் கேள்வி ஒன்று

லக்ஷ்மி, முலுண்ட்:
ஐசி 38 என்ற காப்பீட்டு ஏஜென்ட் தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சி வகுப்பு நோட்ஸில் வந்த கேள்வி இது: "ஒருவர் 2021 மார்ச்சில் ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தும் ப்ரொபோசல் ஃபார்மில் 'நோய் இல்லை' என்று எழுதினார். 2022-இல் பிரீமியம் கட்டாமல் பாலிசி லேப்ஸ் ஆனது. 2023 ஜனவரியில் 'நலமாக இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்து பாலிசியை ரிவைவல் செய்து மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 2024 ஆகஸ்டில் பைக் விபத்தில் இறந்தார். கம்பெனி க்ளெய்மை மறுக்க வழி உண்டா?" விடை 'உண்டு' என்று போட்டிருக்கிறது. விபத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்? விடை தப்பா?

பரணி, சயான்:
விடை தப்புதான் மேடம். இரண்டு காரணம். ஒன்று, பாலிசி எடுத்து மூன்று வருஷம் 2024 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் காரணத்தைச் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு, மறைத்த நோயால் அவர் சாகவில்லை. 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. முதுகெலும்புத் தேய்மானத்தை மறைத்தவர் மாரடைப்பில் இறந்தார். பணம் கொடுக்கச் சொல்லித்தான் தீர்ப்பு.

கணேசன், செம்பூர்:
பரணி தம்பி, மூன்று வருஷக் கணக்கைப் பாதி வரைக்கும் போட்டு நிறுத்திவிட்டீர்கள். சட்டத்தில் நான்கு தேதிகள் இருக்கின்றன: பாலிசி வழங்கிய நாள், ரிஸ்க் தொடங்கிய நாள், ரிவைவல் ஆன நாள், ரைடர் என்ற கூடுதல் பலனைச் சேர்த்த நாள். இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து மூன்று வருஷம். இந்தக் கேள்வியில் கடைசித் தேதி 2023 ஜனவரி. அப்படியானால் கெடு 2026 ஜனவரி. 2024 ஆகஸ்டில் கம்பெனிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. கேள்வியில் லேப்ஸ், ரிவைவல் என்று இரண்டு வரி வந்தது இதற்காகத்தான். அந்த வரிகளை எடுத்துவிட்டால் உங்கள் விடை சரி.

கூடவே ஒன்று. கையில் இருப்பது பழைய நோட்ஸ் என்றால் அதில் இரண்டு வருஷம் என்று இருக்கும். அது 2015 திருத்தத்துக்கு முந்தைய கணக்கு. அப்போது இரண்டு வருஷம் கழிந்தாலும் மோசடியை நிரூபித்து மறுக்க வழி இருந்தது. இப்போது மூன்று வருஷம் முடிந்தால் மோசடி என்றும் சொல்ல முடியாது.

சம்பந்தம் இல்லையே என்ற கேள்விக்கு வருகிறேன். லக்ஷ்மி மேடம், நீங்கள் இரண்டு கோட்பாடுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். எதனால் நஷ்டம் வந்தது என்று தேடுவது அண்மைக் காரணக் கோட்பாடு. நடந்தது பாலிசி ஏற்றுக்கொள்ளும் நஷ்டமா என்று அது பார்க்கும். ஒப்பந்தமே ஒழுங்காக உருவானதா என்று பார்ப்பது முழு நம்பிக்கைக் கோட்பாடு. இது பார்க்கும் நாள் சாவு நடந்த நாள் அல்ல, கையெழுத்துப் போட்ட நாள். அன்று அந்த உண்மை தெரிந்திருந்தால் விவேகமுள்ள ஒரு கம்பெனி வேறு முடிவு எடுத்திருக்குமா? எடுத்திருக்கும் என்றால் அது முக்கியத் தகவல். 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மெடிக்ளெய்ம் வழக்கில் இந்த அளவுகோலைத்தான் வைத்தது. விபத்தில் இறந்தார் என்பதால் ஃபார்மில் எழுதிய பொய் மெய்யாகிவிடாது.

பரணி, சயான்:
ரிவைவல் தேதியை ஒத்துக்கொள்கிறேன் சார், அது நான் கவனிக்காதது. ஆனால் மற்றதை விட மாட்டேன். 45-ஆம் பிரிவையே இன்னும் கொஞ்சம் கீழே படியுங்கள். கம்பெனி ஏற்ற ரிஸ்க்கோடு நேரடித் தொடர்பு இல்லாத தகவல் முக்கியமானதே அல்ல என்று இருக்கிறது. அதோடு, தெரிந்திருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனியுடையது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறவருக்குப் பாலிசி கொடுக்காத கம்பெனி எது? கூடுதல் பிரீமியம் போட்டுக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். 'கொடுத்திருக்கவே மாட்டோம்' என்று எப்படி நிரூபிப்பார்கள்?

கணேசன், செம்பூர்:
நல்ல பாயிண்ட். கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தபோது எங்களுக்குள் அதிகம் தகராறு நடந்த இடமே இதுதான். சட்டத்தின் வார்த்தையை அப்படியே எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. சாதாரண மறைப்பு என்ற வழியில் போனால் கம்பெனிக்கு இந்தச் சுமை இருக்கிறது. அந்த வழியில் மறுத்தால், வாங்கிய பிரீமியம் முழுவதையும் 90 நாளுக்குள் நாமினிக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

அதனால் கையில் ஆதாரம் இருந்தால் கம்பெனி மோசடி என்ற வழியைப் பிடிக்கும். அந்தப் பக்கம் சுமை மாறிவிடுகிறது. பாலிசிதாரர் உயிரோடு இல்லை என்றால், ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நாமினிதான் நிரூபிக்க வேண்டும். நம் கேள்வியில் வரும் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-லிருந்தே மாதாமாதம் மெட்ஃபார்மின் வாங்கிய மருந்துக் கடை பில்லும், டாக்டர் எழுதிய சீட்டும் விசாரணையில் கிடைக்கின்றன என்று வைப்போம். சர்க்கரை இருந்தது தனக்கே தெரியாது என்று அவர் சார்பில் யாரும் சொல்ல முடியாது. போதாததற்கு 2023-இல் மறுபடியும் 'நலம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு தடவை. அதே ஆளுக்கு 2023 மார்ச்சில்தான் முதல் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்தது என்றால் கதையே வேறு. தனக்குத் தெரிந்தவரை உண்மையைத்தான் எழுதினார், மறுக்க முடியாது.

2015 தீர்ப்பை இதற்கு இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே மறைத்தது உயிருக்கு ஆபத்தான நோய் அல்ல என்பதையும் சேர்த்துத்தான் நீதிமன்றம் பார்த்தது. சர்க்கரையை அந்த வரிசையில் வைக்க முடியாது.

பரணி, சயான்:
வைக்க முடியும் என்று வாதாடி ஜெயித்த குடும்பங்களும் இருக்கின்றன சார். இதில் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை.

சாந்தி, டோம்பிவிலி:
மூன்று வருஷம் என்று எல்லோரும் எப்படிச் சொல்கிறீர்கள்? ஐந்து வருஷம் ஆயிற்றே! 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டினால் கேள்வி கேட்கக் கூடாது என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி வந்தது. நான் எழுதியே வைத்திருக்கிறேன்.

கணேசன், செம்பூர்:
சாந்தி அம்மா, நீங்கள் எழுதி வைத்தது சரியான விதிதான். அது மருத்துவக் காப்பீட்டுக்கு. முன்பு எட்டு வருஷம், இப்போது 60 மாதம். அங்கே மோசடி நிரூபணமானால் 60 மாதம் கழிந்தும் மறுக்கலாம். ஆயுள் காப்பீட்டில் மூன்று வருஷத்துக்குப் பிறகு அதுவும் கிடையாது. கேள்வியில் 'ஆயுள்' என்று இருக்கிறதா 'மருத்துவ' என்று இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்.

அந்தோணி, தாராவி:
எங்கள் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஃபார்ம் முழுக்க ஆங்கிலம். ஏஜென்ட் பட்டறைக்கே வந்து, உடல்நலக் கேள்விகள் அத்தனைக்கும் 'இல்லை' கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாகப் பேனாவை இழுத்தார். சித்தப்பா பி.பி. மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரியும், மேசை மேலேயே இருந்தது. 'அதெல்லாம் எழுத வேண்டாம், மெடிக்கல் டெஸ்ட் கேட்பான்' என்றார். சித்தப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் வருஷம் பக்கவாதம் வந்து போய்விட்டார். நோயை மறைத்தார் என்று கம்பெனி மறுத்துவிட்டு பிரீமியத்தை மட்டும் திருப்பி அனுப்பியது. மறைத்தது யார்? சித்தியிடம் இப்போதும் யாரும் பதில் சொல்லவில்லை.

லக்ஷ்மி, முலுண்ட்:
ஏஜென்ட் கம்பெனியின் ஆள்தானே? அவருக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரிந்த மாதிரி ஆகாதா?

கணேசன், செம்பூர்:
அந்தோணி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. லக்ஷ்மி மேடம் கேட்ட கேள்வி மிகச் சரி. காப்பீடு எடுக்கச் சொல்லிப் பேசி முடிக்கிறவர், ஒப்பந்தம் உருவாகும் விஷயத்தில் கம்பெனியின் ஏஜென்டாகவே கருதப்படுவார் என்று 45-ஆம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. கம்பெனிக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை மறைத்ததாகச் சொல்லி மோசடி என்று மறுக்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உங்கள் சித்திக்கு ஒரு வாதம் இருக்கிறது.

எதிர்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். படிக்காமல், புரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வேறொரு கம்பெனியில் இருந்த பாலிசியை ஃபார்மில் சொல்லாமல் விட்ட வழக்கு. அதனால் ஏஜென்டுக்குத் தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது, சாட்சி வேண்டும். ஃபார்ம் நகலை எடுத்துப் பாருங்கள். கையெழுத்து வேறு மொழியில் இருந்தால், கேள்விகளை அவர் மொழியில் விளக்கிச் சொன்னேன் என்று யாராவது உறுதிமொழி எழுதியிருக்க வேண்டும். அந்த இடம் காலியா, யார் கையெழுத்து, பதில்கள் யார் கையெழுத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அன்று பட்டறையில் கூட இருந்தவர்கள் யாராவது சொல்வார்களா என்றும் கேளுங்கள். மறுப்புக் கடிதம் எந்தத் தேதி? கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அந்தோணி, தாராவி:
கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது அண்ணா. பிரீமியம் செக்கை சித்தி பேங்கில் போட்டுவிட்டார். அதனால் உரிமை போய்விடுமா?

கணேசன், செம்பூர்:
அதனாலேயே போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் செக்கோடு 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று கேளுங்கள், அது முக்கியம். நான்கு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே ஃபார்ம் நகல் கேட்டு எழுதுங்கள்.

பரணி, சயான்:
எனக்கு இன்னொரு சந்தேகம். 'மூன்று வருஷத்துக்குப் பிறகு கேள்வி கேட்கக் கூடாது' என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. 'மூன்று வருஷத்துக்குள் இறந்தால்' என்று இல்லையே. அப்படியானால் லக்ஷ்மி மேடம் கேள்வியில் வரும் குடும்பம் 2026 ஜனவரி வரை பேசாமல் இருந்துவிட்டு பிப்ரவரியில் க்ளெய்ம் போட்டால்?

கணேசன், செம்பூர்:
வார்த்தைப்படி கம்பெனி கேள்வி கேட்கும் தேதிதான் கணக்கு, சாவுத் தேதி அல்ல. அப்படிக் காத்திருந்து போடுகிற குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்குள் நடந்த சாவை இவ்வளவு தாமதமாக ஏன் சொன்னார்கள் என்று கம்பெனிகள் சண்டை போடும். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. உங்களுக்குப் படாது என்பதும் தெரியும்.

பரணி, சயான்:
படவில்லை சார். மூன்று வருஷம் விசாரிக்க நேரம் கொடுத்த சட்டம், ஃபார்ம் வந்த அன்றே விசாரி என்றுதான் கம்பெனியிடம் சொல்கிறது. பாலிசி விற்கும்போது கேட்காத டாக்டர் சீட்டை ஆள் செத்த பிறகு மட்டும் ஏன் தேடிப் போகிறீர்கள்?

லக்ஷ்மி, முலுண்ட்:
எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது, கடைசித் தேதியிலிருந்து எண்ணுகிறேன். அந்தோணி அண்ணா, நகல் கேட்கும் கடிதம் ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் சொல்லுங்கள், இன்றைக்கு ராத்திரி எழுதித் தருகிறேன்.