சின்னம்மாவின் 13 பவுண் ஓய்வூதியம்: கையில் எஞ்சியது 48 பென்ஸ்

ஹாரோவிலிருந்து

லண்டனில் தனியாகக் கவுன்சில் வீட்டில் வசிக்கும் என் சின்னம்மாவுக்கு 69 வயது. 1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 33 ஆண்டுகள் துப்புரவு வேலை செய்தவர். அந்த ஆண்டுகளுக்கு உரிய அரச ஓய்வூதியமாக, 2025 ஏப்ரல் முதல் வாரத்திற்கு 217.09 பவுண் பெற்று வந்தார். தனியாக வாழும் முதியவருக்கு 2025-26 நிதியாண்டில் 227.10 பவுண் வரை அரசின் பென்சன் கிரெடிட் உதவி நிரப்பித் தந்தது என்பதால், மீதி 10.01 பவுண் அதிலிருந்து கிடைத்தது. தொகை சிறியதாயினும் அதைப் பெறுபவர் என்ற காரணத்தால்தான் வாடகை முழுவதும் ஹவுசிங் பெனிஃபிட்டிலும், கவுன்சில் வரி முழுவதும் அதற்கான சலுகையிலும் கழிந்தன. பல் வைத்தியமும் இலவசமாக இருந்தது.

மே மாதத்தில், அவர் முன்பு வேலை செய்த நிறுவனத்தின் ஓய்வூதியமாக மாதம் 57.24 பவுண் வரத் தொடங்கியது. "என்னுடைய உழைப்பின் காசு" என்று அவர் மகிழ்ந்தார். அதை அறிவிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்டோபரில் வந்த கடிதம், பென்சன் கிரெடிட் நின்றுவிட்டது என்றும், 20 வாரங்களுக்குக் கூடுதலாகப் பெற்ற 200.20 பவுணைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகிறது. வாடகைக்கும் கவுன்சில் வரிக்கும் இப்போது சிறு தொகை கேட்கிறார்கள். இவ்வளவு சிறிய ஓய்வூதியத்திற்கு இது சரிதானா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

லூட்டனிலிருந்து

தங்கச்சி, சின்னம்மா அந்த ஓய்வூதியத்தை வாங்காமலே விட்டிருக்க வேண்டும். வாங்காத பணத்தை அரசு எப்படிக் கணக்கில் எடுக்க முடியும்? என் நண்பர் ஒருவருக்கும் இதே போல நிகழ்ந்தது. அவர் தம்முடையதை மொத்தமாக எடுத்து ஊரிலுள்ள மகளுக்கு அனுப்பிவிட்டார். இதுவரை யாரும் கேட்கவில்லை.

குரோய்டனிலிருந்து

என் தந்தைக்கு 82 வயது. இலங்கை அரச ஓய்வூதியம் வாரக் கணக்கில் 31.82 பவுணாக வருகிறது. இங்குள்ள அரச ஓய்வூதியம் 176.45. நீங்கள் சொல்வது போல அவருக்கு ஒரேயடியாக வெட்டு விழவில்லை. நிரப்பித் தரும் தொகைக்கு மேல் 6 பவுண் கூடுதலாகவே வருகிறது. ஆகவே உங்கள் சின்னம்மாவின் கணக்கில் தவறு நேர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். உடனே எதிர்த்து எழுதுங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து

ஆலோசனை நிலையமொன்றில் பல ஆண்டுகளாக இத்தகைய கடிதங்களை வாசித்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாத ஓய்வூதியத்தை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் வாரத்திற்கு 13.21 பவுண் வரும். பலர் 4ஆல் வகுத்து 14.31 என்று எழுதி, தமக்குத் தாமே ஒரு பவுணுக்கு மேல் வருமானத்தை உயர்த்திக் காட்டிவிடுகிறார்கள். எல்லையின் ஓரத்தில் நிற்பவருக்கு அந்த ஒரு பவுணே உதவி கிடைப்பதையும் கிடைக்காததையும் தீர்மானிக்கக்கூடும். அரச ஓய்வூதியம் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வருவதால் அதை மட்டும் 4ஆல் வகுக்கலாம். சின்னம்மாவின் மொத்த வருமானம் 230.30 ஆகிறது. எல்லையை 3.20 பவுண் தாண்டிவிட்டதால் பென்சன் கிரெடிட் நிற்பது விதிப்படி சரியே. அந்த 3.20இல் 65 சதவீதம், அதாவது 2.08, வாடகை உதவியில் குறையும். 20 சதவீதம், அதாவது 64 பென்ஸ், கவுன்சில் வரிச் சலுகையில் குறையும். 13.21 பவுண் புதிதாக வந்தும் அவர் கையில் கூடியது 48 பென்ஸ் மட்டுமே. எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்கு வேதனை தருகிறது.

குரோய்டன் அண்ணை, உங்கள் தந்தை 2016 ஏப்ரல் 6ஆம் திகதிக்கு முன்பே ஓய்வூதிய வயதை எட்டியவர். அவருக்குச் சேமிப்புக் கிரெடிட் என்ற தனிப் பகுதி உண்டு. அவருடைய மொத்த வருமானம் 208.27. அதில் 198.27 பவுணுக்கு மேலுள்ள 10 பவுணில் 60 சதவீதமாக அந்த 6 பவுண் அவருக்குக் கிடைக்கிறது. சின்னம்மா 2022இல் வயதை எட்டியவர் என்பதால் அது அவருக்குப் பொருந்தாது.

லூட்டன் அண்ணை சொன்னது பாதி சரி. ஓய்வூதிய வயது கடந்த பின் எடுக்காமல் விட்டாலும், எடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணித்து அதையும் வருமானமாகவே கொள்வார்கள். ஆனால் மொத்தமாக எடுத்திருந்தால் அது சேமிப்பாகும். சேமிப்பில் முதல் 10,000 பவுண் கணக்கில் வராது. தொடங்குவதற்கு முன் கேட்டிருந்தால், அந்த நிறுவனம் சிறு தொகையை ஒரே தடவையாகக் கொடுக்க இணங்கியிருக்கலாம். அதில் ஒரு பகுதிக்கு வருமான வரி உண்டு.  உதவி பெறும் நோக்கில் பணத்தை ஊருக்கு அனுப்பினால், அது இன்னும் கையில் இருப்பதாகவே கருதப்படலாம் என்பதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. சின்னம்மாவின் உடல்நிலை எப்படி?

ஹாரோவிலிருந்து

மூட்டுவாதம். குளிக்கவும் உடை மாற்றவும் ஓராண்டுக்கு மேலாக என் மச்சாளின் துணை தேவைப்படுகிறது.

ஈஸ்ட் ஹாமிலிருந்து

அப்படியானால் அன்றாட உதவி தேவைப்படும் முதியவர்களுக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பியுங்கள். பகலில் மட்டும் உதவி தேவைப்படுபவருக்கு 2025-26 நிதியாண்டில் வாரம் 73.90 பவுண். அது வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. அதைப் பெறுபவர் தனியாக வசித்தால், பென்சன் கிரெடிட்டின் எல்லையே 82.90 உயர்ந்து 310 பவுண் ஆகிறது. அப்போது 230.30 போக 79.70 பவுண் பென்சன் கிரெடிட்டாகக் கிடைக்கும். வாடகையும் கவுன்சில் வரியும் மீண்டும் முழுமையாகக் கழியும். தொலைபேசியில் படிவம் கேட்ட நாளைக் குறித்து வைத்து ஆறு வாரங்களுக்குள் அனுப்பினால் அந்த நாளிலிருந்தே கணக்கிடுவார்கள். அது கிடைத்ததும் பென்சன் கிரெடிட்டுக்குத் தனியாக மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வராது.

எதையும் அனுப்புவதற்கு முன், அரசின் gov.uk/pension-credit-calculator பக்கத்தில் இரண்டு தடவை கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தடவை அலவன்ஸ் இல்லாமலும், மறு தடவை அலவன்ஸோடும். வாடகையையும் கவுன்சில் வரியையும் சேர்த்துக் காண்பதற்கு Turn2us கணிப்பான் உதவும். பழைய தீர்மானக் கடிதத்தில் கணக்கீட்டுப் பக்கம் இருக்கும். அதில் ஒவ்வொரு வருமானமும் எந்தத் தொகையாகப் பதிவாகியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். நிறுவன ஓய்வூதியம் 13.21க்குப் பதிலாக வேறு தொகையாக இருந்தால் ஒரு மாதத்திற்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அந்த 200.20 பவுண் நீங்கள் அறிவிக்காததால் ஏற்பட்டது. ஆகவே அதை எதிர்ப்பதைவிட, வாரத்திற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று பேசிக் குறைப்பதே பலன் தரும்.

ஹாரோவிலிருந்து

நன்றி அக்கா. படிவம் கேட்டுவிட்டேன். கடிதத்தில் 13.21 என்றே இருக்கிறது. ஒரு சிக்கல். மச்சாள் வாரத்திற்கு 35 மணித்தியாலத்திற்கு மேல் பார்க்கிறார். தனக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை கேட்கலாமா என்கிறார்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து

அவருக்கு 2025-26 அளவின்படி வாரம் 83.30 பவுண் கிடைக்கலாம். ஆனால் அது அவருக்கு வழங்கப்பட்ட நாளிலிருந்து சின்னம்மாவின் 82.90 உயர்வு போய்விடும். பென்சன் கிரெடிட்டின் 79.70உம், வாடகையிலும் வரியிலும் 2.72உம் குறையும். குடும்பமாகப் பார்த்தால் 88 பென்ஸ் கூடுகிறது. இலவச பல் வைத்தியம் தானாகக் கிடைப்பதும் நின்றுவிடும். சம்பள வேலையை விட்டு வந்து பார்ப்பவருக்கு இந்த உதவித்தொகையால் தேசிய காப்புறுதிப் பதிவும் சேரும். அது அவருடைய நாளைய ஓய்வூதியத்திற்கு உதவும். மச்சாள் வேறு உதவிகள் பெறுகிறாரா, எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது தெரியாமல் நான் ஒரு பக்கம் சொல்ல மாட்டேன்.

குரோய்டனிலிருந்து

சின்னம்மாவின் பேரன் படிப்புக்காக அங்கு தங்க வருவதாக முன்பு சொன்னீர்களே?

ஹாரோவிலிருந்து

ஆம் அண்ணை. 19 வயது. ஜனவரியில் வருவதாக இருந்தது.

ஈஸ்ட் ஹாமிலிருந்து

அவர் அங்கு குடியேறினால் சின்னம்மா தனியாக வசிப்பவராகக் கருதப்பட மாட்டார். வார இறுதியில் வந்து தங்கிப் போவது வேறு. அவர் எங்கே குடியிருப்பார் என்பதை முடிவு செய்த பின் கணிப்பானில் மூன்றாவது தடவையும் பாருங்கள்.