நிட்டிங் கூலிக்குத் தேய்மானத்தை எப்படிப் பிரிக்கறீங்க?

வணக்கமுங்க. திருப்பூர்ல ஜாப் ஒர்க் நிட்டிங் ஓட்டறோம். நவம்பர்ல 12 லட்சத்துக்கு ஒரு மிஷின் எடுத்தோமுங்க. 10 வருசம் ஓட்டி 2 லட்சத்துக்குத் தள்ளிவிட்டா, மிச்சம் 10 லட்சம். வருசத்துக்கு 1 லட்சம் தேய்மானம். 50,000 கிலோ ஓட்டினா கிலோவுக்கு 2 ரூபாய்.

ஆடிட்டர் வருமான வரிக்கு 15 சதவீதம் போடறார். மார்ச்சுக்குள்ள 180 நாள் ஓடலைன்னு முதல் வருசம் பாதிதான், 90,000. அடுத்த வருசம் மீதி 11,10,000-க்கு 15 சதவீதம், 1,66,500. வரிக்கு அது சரிங்க. கூலிக்கு என் கணக்குதான் பொருந்தும்னு நினைக்கறேன்.

ஆனா ஆர்டர் குறைஞ்சு 25,000 கிலோதான் ஓடுச்சுன்னா கிலோவுக்கு 4 ரூபாய் ஆயிருது. அதைக் கூலியில ஏத்தினா பார்ட்டி வேற பக்கம் போயிருவாங்க.

வருசத்தை வெச்சுப் பிரிக்கறீங்களா, ஓடின கிலோவை வெச்சா? நிட்டிங் ஓட்டற அண்ணனுங்க கொஞ்சம் சொல்லுங்க.