உதவி: லெப் இன்ஸ்ட்ரக்டருக்குக் குறிப்பு எழுத வேண்டும், ஒரு பிழை மட்டும் மிச்சம்

உப்புவெளிப் பொடியன் (மாலை 6.40)
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். என் எசைன்மென்டில் ஒரு பிழை மிச்சம் இருக்கிறது. படகுகளின் பயணக் கணக்கில் ஒரு படகுக்கு மட்டும் ஒன்று குறைகிறது, மற்றதெல்லாம் சரி. என் லெப்டொப்பில் சரியாக வருகிறது, கம்பஸ் லெப்பில் ஓட்டினால் குறைகிறது. தெரிந்த பிழை இருந்தால் அதை விளக்கி, என்னென்ன முயன்றோம் என்றும் இன்ஸ்ட்ரக்டர் அக்காவுக்கு README எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதியது இதுதான்: "புரோகிராம் பெரும்பாலும் வேலை செய்கிறது. சில நேரம் கணக்குப் பிழைக்கிறது. நிறைய முயன்றேன், முடியவில்லை." இது போதுமா?

கடற்காகம் (6.48)
எந்த மொழி? எத்தனை படகு? எந்தப் படகுக்குக் குறைகிறது?

மூதூர் அண்ணன் (6.51)
தம்பி, ஃபைலை விண்டோஸில் டைப் பண்ணி லினக்ஸுக்குக் கொண்டுபோனீர்களா? வரி முடிவில் `\r` ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். "ராணி" ஒரு படகாகவும் "ராணி\r" வேறு படகாகவும் எண்ணப்படும். `cat -A` போட்டுப் பாருங்கள், வரிக் கடைசியில் `^M$` தெரிந்தால் அதுதான். எனக்கு இதே வினை இரண்டு தடவை நடந்தது.

பழைய கை (7.02)
மொழியைக் கூடச் சொல்லாமல் உதவி கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் உட்கார்ந்து டிபக்கர் பழகியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. நாங்கள் எல்லாம் அப்படித்தான் படித்தோம்.

உப்புவெளிப் பொடியன் (7.10)
மன்னிக்கவும். மொழி C. ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர்: புறாமலைக்குப் போன படகு, துணைக்குப் போன படகு. இரண்டுக்கும் ஒவ்வொரு பயணம் கூட்ட வேண்டும். மொத்தம் 11 படகு. `fscanf` இல் `%s` போட்டுத்தான் வாசிக்கிறேன். `^M$` வருகிறது, ஆனால் பட்டியலில் 11 பெயர்தான் இருக்கிறது, எதுவும் இரட்டிக்கவில்லை.

```c
Boat *a = get(n1);
Boat *b = get(n2);
a->trips++;
b->trips++;
```

`get` பெயரைத் தேடும், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கும். அரே 8 இடத்துடன் தொடங்குகிறது, நிரம்பினால் `realloc` பண்ணி 16 ஆக்குகிறேன். தொடக்கத்தை 1000 ஆக வைத்தால் லெப்பிலும் சரியாக வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

திருத்திய அக்கா (7.31)
இரண்டு வருடம் லெப்பில் திருத்தியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். `\r` இங்கே காரணம் இல்லை. `%s` அதை இடைவெளியாகவே எடுத்து விட்டுவிடும், பெயரில் ஒட்டாது. வரியை `fgets` இல் வாசித்து நீங்களே வெட்டியிருந்தால் மூதூர் அண்ணன் சொன்னது நடந்திருக்கும்.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்னதுதான் முக்கியம். `a` ஒரு முகவரியை வைத்திருக்கிறது. அடுத்த வரியில் `get(n2)` ஒன்பதாவது படகைச் சேர்க்கும்போது `realloc` முழு அரேயையும் வேறு இடத்துக்கு மாற்றக்கூடும். `a` அப்போதும் பழைய இடத்தையே காட்டும். `a->trips++` அந்தக் கைவிட்ட இடத்தில் ஒன்றைக் கூட்டுகிறது, புதிய அரேக்கு அது தெரியாது. புரோகிராம் விழாது, எச்சரிக்கையும் வராது, ஒரு பயணம் மட்டும் காணாமல் போகும். 11 படகுக்கு அரே ஒரே தடவைதான் வளர்கிறது, அதனால்தான் ஒன்று மட்டும் குறைகிறது.

இதைச் சோதிக்க ஐந்து வரி போதும், test5.txt என்று சேமியுங்கள். முதல் நான்கு வரியில் எட்டுப் புதிய படகு. ஐந்தாவது வரியில் முதலில் பழைய படகு, இரண்டாவதாகப் புதியது:

```
p1 p2
p3 p4
p5 p6
p7 p8
p1 p9
```

p1 க்கு 2 வர வேண்டும். லெப்பில் 1 வந்தால் நான் சொன்னது பொருந்துகிறது. பிறகு கடைசி வரியை `p9 p1` என்று திருப்புங்கள். இப்போது அரே முதலில் வளர்ந்து முடிந்த பிறகுதான் p1 இன் முகவரி எடுக்கப்படும், எனவே 2 வர வேண்டும். ஒரே தரவு, வரிசை மட்டும் வேறு. எழுத்துப் பிழை காரணமாக இருந்தால் வரிசை மாறியதால் விடை மாறாது.

கடற்காகம் (7.40)
அப்படியென்றால் 1000 ஐ வைத்து அனுப்பிவிடலாமே? தரவில் 11 படகுதான். பிழையே இல்லாத புரோகிராமுக்குக் குறிப்பு எதற்கு?

பழைய கை (7.44)
அது பிழையைப் பாய்க்கு அடியில் தள்ளுவது. இன்ஸ்ட்ரக்டர் 1001 படகு போட்டுப் பார்த்தால் என்ன செய்வார்?

கடற்காகம் (7.47)
யார் 1001 படகு போடுவார்கள்? நிலாவெளிக் கரையில் அவ்வளவு படகு இல்லை. புள்ளி எடுப்பதுதானே நோக்கம். தானாகப் போய்ப் பிழையைச் சொல்லிக்கொடுத்துப் புள்ளி இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூதூர் அண்ணன் (7.55)
எனக்கும் அப்படித்தான் நடந்தது. இரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன், கரண்ட் போனது, லெப்டொப் பழுதானது என்று எல்லாம். அரைப் புள்ளியும் தரவில்லை.

திருத்திய அக்கா (8.06)
அண்ணா, அது பிழையைச் சொன்னதால் இல்லை, பிழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னதால். திருத்துபவருக்கு முன்னால் நாற்பது சமர்ப்பிப்பு இருக்கும். எந்த உள்ளீட்டில் உடைகிறது என்று தெரிந்தால் ஒரு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்து, மற்றப் பகுதிக்கு முழுப் புள்ளி போடலாம். தெரியாவிட்டால் எந்த விடையையும் நம்ப முடியாது. புள்ளி எவ்வளவு குறைப்பார்கள் என்பது அவரவர் திட்டம், அதை நான் உறுதி சொல்ல மாட்டேன்.

1000 என்பது நல்ல தடயம். குறிப்பில் எழுதுங்கள், திருத்தம் என்று சொல்லாதீர்கள். உண்மையான திருத்தம் `get` முகவரிக்குப் பதிலாக எத்தனையாவது இடம் என்ற எண்ணைத் தருவது. அரே எங்கே போனாலும் எண் மாறாது. தம்பி, நேரம் இருந்தால் அதைச் செய்யுங்கள், குறிப்பே தேவைப்படாது.

உப்புவெளிப் பொடியன் (8.15)
கோட் மாலை 5 மணிக்கே பூட்டியாயிற்று அக்கா. README மட்டும் இரவு 11.55 வரை ஏற்றலாம். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

திருத்திய அக்கா (8.29)
சரி, அப்படியென்றால் குறிப்பு இன்னும் முக்கியம். லெப்பில் இருக்கும் நண்பர் யாரிடமாவது இதை ஓட்டச் சொல்லுங்கள்:

```
gcc -g -fsanitize=address boats.c -o boats
```

`heap-use-after-free` என்று வந்து, `a->trips++` இருக்கும் வரி எண்ணும், அந்த இடம் `realloc` இல் விடப்பட்டது என்றும் காட்டினால் சந்தேகம் உறுதியாகிவிடும். அதற்குப் பிறகு இப்படி எழுதலாம், உங்கள் சொல்லில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"தெரிந்த பிழை ஒன்று. ஒரு வரியின் இரண்டாவது பெயர் ஒன்பதாவது புதிய படகாக இருந்தால் முதல் படகின் பயணத்தில் ஒன்று குறையலாம். test5.txt இல் p1 க்கு 2 வர வேண்டும், லெப்பில் 1 வருகிறது. கடைசி வரியைத் திருப்பினால் 2 வருகிறது. `\r` ஐச் சந்தேகித்தேன், பெயர்கள் இரட்டிக்காததால் விட்டுவிட்டேன். தொடக்க அளவை 1000 ஆக்கினால் பிழை மறைகிறது, அதனால் `realloc` க்குப் பிறகு பழைய பொயிண்டரைப் பயன்படுத்துகிறேன் என்று நினைக்கிறேன். கோட் பூட்டிய பிறகே கண்டுபிடித்தேன். இடத்தின் எண்ணைத் திருப்பித் தருமாறு `get` ஐ மாற்றுவது என் திட்டம்."

ஓட்டிப் பார்க்காத எதையும் பார்த்ததாக எழுத வேண்டாம்.

கடற்காகம் (8.41)
அது சரி, ஏன் லெப்டொப்பில் மட்டும் சரியாக வந்தது?

திருத்திய அக்கா (8.50)
பக்கத்தில் காலி இடம் இருந்தால் `realloc` நகர்த்தாமல் இருந்த இடத்திலேயே நீட்டலாம், அப்போது `a` தற்செயலாகச் செல்லுபடியாகும். அவருடைய விண்டோஸில் அதுதான் நடந்ததா என்பது `realloc` க்கு முன்னும் பின்னும் முகவரியை அச்சிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய கை (9.05)
முகவரியைப் பார்க்க டிபக்கரே போதும்.

உப்புவெளிப் பொடியன் (11.38)
ஏற்றிவிட்டேன். நண்பன் ஐந்து வரியையும் ஓட்டினான்: 1 வந்தது, திருப்பியதும் 2. சனிட்டைசர் ஓட்டுவதற்குள் லெப் பூட்டிவிட்டார்கள், அதனால் காரணத்தை "நினைக்கிறேன்" என்றே விட்டேன். அக்காவுக்கு நன்றி.