டியூரேஷன் 7.8, வட்டி 0.25 ஏறியாச்சு, பாண்ட் விலை ஏன் இவ்வளவுதான் இறங்கியது?

சுழியன்
அவசரம். நேற்று மத்திய வங்கி வட்டியை 0.25% ஏற்றியது. ஏற்றுவார்கள் என்று எதிர்பார்த்து, முன்கூட்டியே ஒரு அரசு பாண்டை 1 கோடி முகமதிப்புக்கு ஷார்ட் போட்டிருந்தேன். டியூரேஷன் 7.8. அதை 0.25-ஆல் பெருக்கினால் 1.95. நூற்றுக்கு அவ்வளவு இறங்கியிருந்தால் 1,95,000 கிடைத்திருக்க வேண்டும். வந்ததோ 36,000 சொச்சம். சூத்திரம் தப்பா, புரோக்கர் திரையில் கோளாறா?

ஓரத்துநிழல்
எத்தனை வருட பாண்ட்? கூப்பன் எவ்வளவு? நேற்று அதன் ஈல்டு என்னவாக இருந்தது, இன்று என்ன? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் எப்படி?

நடுராத்திரி
சந்தையில் வாங்க ஆள் இல்லாத பாண்டாக இருக்கும். வியாபாரமே நடக்காவிட்டால் திரையில் பழைய விலைதான் நிற்கும். நாலு நாள் பொறுங்கள், தானாக இறங்கும்.

வரவுசெலவு
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வந்துவிடுகிறார். டியூரேஷன் என்பது போட்ட பணம் சராசரியாக எத்தனை வருடத்தில் திரும்பி வரும் என்ற கணக்கு. அது வருடம். அதை வட்டியோடு பெருக்கி விலை கண்டுபிடிக்க முடியாது. ஷார்ட் போடுவதற்கு முன்பு இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

மிதவை
என்னிடமும் ஒரு 8 வருட பாண்ட் இருக்கிறது. போன வருடம் வட்டி எவ்வளவோ ஏறியும் விலை அசையவே இல்லை. ஆக, வட்டி ஏறினால் விலை இறங்கும் என்பது எல்லா நேரமும் உண்மையில்லை போலிருக்கிறது.

ஓரத்துநிழல்
@மிதவை உங்கள் பாண்டின் கூப்பன் நிலையானதா, அவ்வப்போது மாறுவதா?

மிதவை
6 மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள்.

ஓரத்துநிழல்
அப்புறம் எப்படி அசையும்! வட்டி ஏறினால் அடுத்த முறை உங்கள் கூப்பனும் ஏறிவிடும். கடன் 8 வருடம்தான், ஆனால் டியூரேஷன் அடுத்த மாற்றத் தேதி வரைக்கும்தான், அரை வருடத்துக்குள். உங்கள் கதை வேறு, இங்கே கேட்பது வேறு.

சுழியன்
மன்னிக்கவும், வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். 10 வருடம், கூப்பன் 6%, வருடத்துக்கு ஒரு தடவை. ஷார்ட் போட்டபோது விலை 100, ஈல்டு 6.00. இப்போது 99.63, ஈல்டு 6.05.

பழையகணக்கு
விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. மத்திய வங்கி ஏற்றியது ஓர் இரவுக் கடனின் வட்டியை. உங்கள் பாண்டின் விலையை ஆட்டுவது அதன் சொந்த ஈல்டு. அது ஏறியது 0.05தான், அதாவது 5 பேசிஸ் பாயிண்ட். டியூரேஷனைப் பெருக்க வேண்டியது இதனோடு, 0.25-ஓடு அல்ல.

இரண்டாவது, நீங்கள் எடுத்த 7.8 மெக்காலே டியூரேஷன். வரவுசெலவு சொன்ன "சராசரி வருடம்" அதுதான். ஆனால் பெருக்க முடியாது என்று அவர் சொன்னது சரியில்லை. 7.8-ஐ 1.06-ஆல் வகுத்தால் 7.36 வரும், அது மாடிஃபைட் டியூரேஷன், அதைப் பெருக்கலாம். 7.36 × 0.05 = 0.37. உங்கள் திரையில் இருப்பதும் அதேதான். கோளாறு எதுவும் இல்லை.

இந்த 7.36 எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். சந்தையில் புது 10 வருட பாண்ட் 7% தருகிறது என்று வையுங்கள். உங்களுடையது 6 தருகிறது. வாங்குகிறவனுக்கு வருடத்துக்கு 1 குறைகிறது, 10 வருடத்துக்கும். இனி வரப்போகும் அந்தப் பத்து ஒன்றுகளின் இன்றைய மதிப்பு, 7%-இல் கழித்தால், 7.02. அவ்வளவு தள்ளிக் கொடுத்தால்தான் உங்கள் பாண்டை வாங்குவான், விலை 92.98 ஆகிறது. அதே பத்து ஒன்றுகளை 6%-இல் கழித்தால் 7.36. விலை 100-இல் நிற்கும் பாண்டுக்கு மாடிஃபைட் டியூரேஷன் என்பது இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ட்ரேடிங்கில் இருப்பவர்கள் வருடக் கணக்கில் யோசிப்பதில்லை. 1 கோடிக்கு ஒரு பேசிஸ் பாயிண்ட்டுக்கு 7,360 என்றுதான் மனதில் வைத்திருப்பார்கள். ஐந்து நகர்ந்தது, 36,800. வளைவினால் கொஞ்சம் குறையும்.

நடுராத்திரி
0.25 ஏற்றினால் 10 வருட ஈல்டும் 0.25 ஏற வேண்டாமா? அதனால்தான் ஆள் இல்லை என்றேன்.

பழையகணக்கு
வேண்டியதில்லை. 2004 ஜூன் முதல் 2005 பிப்ரவரி வரை அமெரிக்க ஃபெட் தன் வட்டியை 1%-இலிருந்து 2.5%-க்கு ஏற்றியது. அதே காலத்தில் 10 வருட ஈல்டு ஏறவில்லை, இறங்கியது. கிரீன்ஸ்பானே அதைப் புதிர் என்றார். அப்போது உங்களைப் போல ஷார்ட் போட்டவர்களுக்கு வட்டிக் கணிப்பு சரி, பணம்தான் போச்சு.

ஓரத்துநிழல்
எல்லோரும் எதிர்பார்த்த ஏற்றம் முன்பே ஈல்டில் ஏறியிருக்கும், அதுதான் காரணம்.

பழையகணக்கு
பாதி அதுவாக இருக்கலாம். வட்டியை ஏற்றினால் பிற்காலத்தில் பணவீக்கம் அடங்கும் என்று நீண்டகால ஈல்டு ஏறாமல் நின்றிருக்கவும் இடம் உண்டு. ஒரு நாள் விலையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வரவுசெலவு
இத்தனை கணக்கும் வீண். முதிர்வு வரை வைத்திருந்தால் 100 வந்துவிடும், நஷ்டமே கிடையாது.

ஓரத்துநிழல்
அவர் ஷார்ட் போட்டிருக்கிறார், சார். எதை வைத்திருப்பது?

வரவுசெலவு
பொதுவாகச் சொன்னேன்.

ஓரத்துநிழல்
பொதுவாகவும் அது உண்மையில்லை. சிலிக்கான் வேலி வங்கியும் பாண்டுகளில் பெரும்பகுதியை முதிர்வு வரை என்றுதான் வைத்திருந்தது. 2023 மார்ச்சில் பணம் போட்டவர்கள் திருப்பிக் கேட்டபோது, முதிர்வு வரை காத்திருக்க யார் விட்டார்கள்?

வரவுசெலவு
வங்கியும் தனி ஆளும் ஒன்றா? எனக்கு யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

மிதவை
கேட்காவிட்டாலும், மற்றவர்கள் 7 வாங்கும்போது நீங்கள் 10 வருடம் 6 வாங்குவீர்களே. அது நஷ்டம் இல்லையா?

சுழியன்
சண்டைக்கு நடுவே ஒன்று. அப்படியென்றால் ஈல்டு 7%-க்குப் போனால் எனக்கு 7.36 லாபம், 5%-க்கு வந்தால் 7.36 நஷ்டம், சரிதானே?

பழையகணக்கு
இல்லை, இங்கேதான் ஷார்ட் போட்டவர் கவனிக்க வேண்டும். 7%-க்குப் போனால் விலை 92.98, உங்களுக்கு 7.02. 5%-க்கு வந்தால் விலை 107.72, நஷ்டம் 7.72. டியூரேஷன் ஒரு நேர்கோடு, விலை வளைந்து போகிறது, அந்த வளைவு எப்போதும் பாண்டை வைத்திருப்பவன் பக்கம். 5 பேசிஸ் பாயிண்ட்டில் இது கண்ணுக்கே தெரியாது. 100-இல் வலிக்கும்.

நடுராத்திரி
அப்போது மத்திய வங்கியை நம்பி போடுவதென்றால் 2 வருட பாண்டில் போட்டிருக்கலாம். அது வங்கி வட்டியோடு ஒட்டி நகரும்.

பழையகணக்கு
இது நல்ல யோசனை. ஆனால் 6%-இல் 2 வருட பாண்டின் மாடிஃபைட் டியூரேஷன் 1.83. ஒரு பேசிஸ் பாயிண்ட்டுக்கு அதே 7,360 வேண்டுமென்றால் 4 கோடி முகமதிப்புக்கு ஷார்ட் போட வேண்டும். அத்தனை பாண்டைக் கடன் வாங்க ஆகும் செலவு எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சுழியன்
திரையில் மாடிஃபைட் என்று தனியாக ஒரு கட்டம் இருந்திருக்கிறது, 7.36. பாதியை மூடிவிட்டேன். நன்றி.

மிதவை
என் பாண்டில் கூப்பன் 8%-க்கு மேல் போகாது என்று ஓர் உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். அதைத் தொட்டுவிட்டால் டியூரேஷன் அரை வருடமேதானா?